பாஸ் பண்ண சான்றிதழ் காலாவதி ஆகுமா? சேல்ஸ்ஃபோர்ஸ், எஸ்.ஏ.பி. கன்சல்டன்ட்கள் கவனிக்க வேண்டியது என்ன? முழு விளக்கம்

ஐ.டி. துறையில் கன்சல்டன்ட் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் எழுதும் சான்றிதழ் தேர்வுகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று, நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், இருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் எஸ்.ஏ.பி. மற்றொன்று, வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் கவனித்துக்கொள்ளும் சேல்ஸ்ஃபோர்ஸ்.

மாதக்கணக்கில் படித்து, பணம் கட்டி, தேர்வையும் பாஸ் பண்ணியாச்சு. லிங்க்ட்இன்னில் போட்டாச்சு. கதை முடிஞ்சுதா என்றால், இல்லை. இந்த இரண்டு சான்றிதழ்களுக்கும் கெடு உண்டு. கெடுவைத் தவறவிட்டால் சான்றிதழ் செல்லாமல் போகும். சேல்ஸ்ஃபோர்ஸைப் பொறுத்தவரை முழுத் தேர்வையும் மறுபடி முதலில் இருந்து எழுத வேண்டும்.

ஏன் இப்படி? எப்படிப் புதுப்பிப்பது? எங்கே தவறு நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சான்றிதழுக்கு ஏன் கெடு?

டிகிரி சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. காரணம், படித்த பாடம் அடுத்த வருஷமே மாறிவிடுவதில்லை. மென்பொருள் அப்படி இல்லை.

சேல்ஸ்ஃபோர்ஸ் ஒரு வருடத்தில் மூன்று முறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. அவற்றுக்குப் பருவகாலப் பெயர்கள்தான். ஸ்பிரிங், சம்மர், வின்டர். ஸ்பிரிங் பதிப்பு ஜனவரி - பிப்ரவரியில் வரும். சம்மர் பதிப்பு மே - ஜூனில் வரும். வின்டர் பதிப்பு செப்டம்பர் - அக்டோபரில் வரும்.

இதில் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. வின்டர் '26 என்ற பதிப்பு 2026-ல் வரவில்லை, 2025 அக்டோபரிலேயே வந்துவிட்டது. பெயரில் உள்ள வருடத்துக்கு முந்தைய வருடத்தின் கடைசியில் வின்டர் பதிப்பு வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்த மாற்றத்தை வாடிக்கையாளர் நிறுவனம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. போனில் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது மாதிரி இங்கே தள்ளிப்போட வழியில்லை. குறிப்பிட்ட வார இறுதியில் எல்லோருக்கும் மாறிவிடும். வெள்ளிக்கிழமை பார்த்த திரை திங்கட்கிழமை வேறு மாதிரி இருக்கலாம். அப்போது முதல் போன் கன்சல்டன்ட்டுக்குத்தான் வரும்.

ஐந்து வருடத்துக்கு முன் பாஸ் பண்ணவர் அதற்குப் பிறகு எதையுமே பார்க்கவில்லை என்றால், அவருக்குத் தெரிந்த மென்பொருளும் இன்று ஓடுகிற மென்பொருளும் ஒன்றல்ல. அதனால்தான் சான்றிதழுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸ்: புதுப்பிப்பது எப்படி?

பெரும்பாலானோர் முதலில் எழுதுவது அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வு. 2025-ல் இதன் பெயர் பிளாட்ஃபார்ம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று மாறியது. 60 கேள்விகள், 105 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 65 சதவீதம். அதாவது குறைந்தது 39 கேள்விகளுக்குச் சரியான பதில் வேண்டும். மதிப்பெண்ணில் சேராத சில கேள்விகளும் நடுவே வரலாம், எது என்று நமக்குத் தெரியாது. கட்டணம் 200 டாலர், வரி தனி. நம்ம ஊர் பணத்தில் 17,000 ரூபாயைத் தாண்டும். தோற்றுவிட்டு மறுபடி எழுதினால் 100 டாலர்.

ஒருமுறை பாஸ் பண்ணிவிட்டால், புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸின் இலவசப் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டில், ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியாகப் பராமரிப்புப் பாடம் ஒன்று வெளியாகும். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு வருடத்துக்கு ஒன்று. முந்தைய பதிப்புகளில் வந்த முக்கிய மாற்றங்களை அதில் விளக்கியிருப்பார்கள். படித்துவிட்டு வினாடி வினாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல பாடங்களில் செய்முறைப் பயிற்சியும் இருக்கும். அதற்கென்று கொடுக்கப்படும் இலவசப் பயிற்சிக் கணக்கில் சொன்ன வேலையைச் செய்து காட்டினால், தளமே சரிபார்த்துவிடும். தவறினால் மறுபடி முயற்சிக்கலாம், வரம்பு கிடையாது.

ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான் இது. இருந்தும் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்கே?

முதல் காரணம், இரண்டு மெயில் முகவரி. கம்பெனி மெயிலில் தேர்வு எழுதியிருப்பார்கள். பயிற்சித் தளத்தில் சொந்த மெயிலில் கணக்கு இருக்கும். பராமரிப்புப் பாடத்தைச் சொந்தக் கணக்கில் முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் சான்றிதழ் இருப்பது வேறு கணக்கில். பேட்ஜ் ஒரு பக்கம், சான்றிதழ் ஒரு பக்கம் என்று நிற்கும், கெடு அதன்பாட்டுக்கு ஓடும். வேலை மாறும்போது இந்தச் சிக்கல் பெரிதாகிறது. பழைய கம்பெனி மெயில் மூடப்பட்டால், கெடுவை நினைவூட்டும் மெயில்களும் கைக்கு வராது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பாடத்தை முடித்த பிறகு பேட்ஜ் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. தன்னுடைய சான்றிதழ் பக்கத்தைத் திறந்து, அடுத்த கெடு தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் கணக்குகள் இரண்டாகக் கிடக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாக இணைக்க வசதி உண்டு. வேலையை விடுவதற்கு முன்பே சொந்த மெயிலையும் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது காரணம், ஒன்றை முடித்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம். அட்மினிஸ்ட்ரேட்டர், ஆப் பில்டர், டெவலப்பர் என்று மூன்று சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மூன்று பாடங்கள் வரும். இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதை மறந்தால், அது மட்டும் காலாவதி ஆகும்.

காலாவதி ஆனால் என்ன? "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு, இப்போ முடிச்சுடறேன்" என்று சொல்ல இடமில்லை. மறுபடி கண்காணிப்புடன் கூடிய முழுத் தேர்வு, முழுக் கட்டணம். கம்பெனிக்கும் இதில் நஷ்டம் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸின் பார்ட்னர் நிறுவனங்கள் தங்களிடம் உயிரோடு இருக்கிற சான்றிதழ்களைத்தான் கணக்கு காட்ட முடியும். டெண்டரில் பெயர் கொடுத்த ஆளின் சான்றிதழ் நடுவில் காலாவதி ஆனால், அந்தப் பெயரை மாற்ற வேண்டி வரும்.

ஒரு உதாரணம்: காணாமல் போன பட்டன்

பதிப்பு மாற்றம் என்றால் நிஜத்தில் என்ன ஆகிறது என்பதை ஒரே ஒரு உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒரு கன்சல்டன்ட் 2021-ல் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வை பாஸ் பண்ணியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தானியங்கி வேலைகளுக்கு ஒர்க்ஃப்ளோ ரூல், பிராசஸ் பில்டர் என்ற இரண்டு கருவிகளை அவர் நன்றாகப் படித்தார். பிறகு சில வருடம் வேறு பணிக்குப் போய்விட்டார். 2026-ல் மறுபடி சேல்ஸ்ஃபோர்ஸ் ப்ராஜெக்ட்.

வாடிக்கையாளர் கேட்பது சின்ன விஷயம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனை ஒன்று முடிந்தால், கணக்குப் பிரிவுத் தலைவருக்குத் தானாக மெயில் போக வேண்டும். பழைய முறைப்படி இது பத்து நிமிட வேலை. நம்ம கன்சல்டன்ட் Setup பக்கத்துக்குப் போய் Workflow Rules-ஐத் திறக்கிறார். பழைய ரூல்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் புதிதாக ஒன்றை உருவாக்க வழி இல்லை.

அனுமதி கிடைக்கவில்லை போல என்று நினைத்து, வாடிக்கையாளரிடம் கூடுதல் அனுமதி கேட்கிறார். கிடைத்த பிறகும் அதே நிலைதான். அரை நாள் போய்விட்டது.

உண்மையில் நடந்தது இது. இந்த இரண்டு கருவிகளுக்கும் ஓய்வு கொடுக்கப்போவதாக 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். வின்டர் '23 பதிப்பில் இருந்து புதிய ஒர்க்ஃப்ளோ ரூலை உருவாக்க முடியாது. 2025 டிசம்பர் 31-உடன் இரண்டுக்கும் ஆதரவும் நின்றுவிட்டது. ஏற்கெனவே இருக்கும் ரூல்கள் இன்னும் ஓடும். ஆனால் அதில் பிழை வந்தால் சேல்ஸ்ஃபோர்ஸ் சரிசெய்து தராது.

இப்போது எல்லாவற்றுக்கும் ஃப்ளோ என்ற ஒரே கருவிதான். அதே வேலையை அதில் செய்வது இப்படி:

முதலில் Record-Triggered Flow வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பதிவு சேமிக்கப்படும்போது ஓடக்கூடிய ஃப்ளோ இது. எந்தப் பதிவு என்ற இடத்தில் Opportunity, அதாவது விற்பனை வாய்ப்பு. பிறகு நிபந்தனைகள் இரண்டு:

```
StageName  Equals        Closed Won
Amount     Greater Than  500000
```

அடுத்து வரும் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிபந்தனை பொருந்தும் பதிவு ஒவ்வொரு முறை மாற்றப்படும்போதும் ஃப்ளோ ஓட வேண்டுமா, அல்லது நிபந்தனைக்குப் புதிதாகப் பொருந்தும்போது மட்டும் ஓட வேண்டுமா என்று திரை கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், முடிந்துபோன விற்பனையில் யாராவது போன் நம்பரைத் திருத்தினால்கூட, கணக்குப் பிரிவுத் தலைவருக்கு மறுபடி மெயில் போகும். இங்கே தேவை இரண்டாவது.

பிறகு மெயில் அனுப்பும் செயலைச் சேர்த்து, சேமித்து, சோதனை ஓட்டம் பார்த்து, ஆக்டிவேட் செய்ய வேண்டும். சேமிப்பது வேறு, ஆக்டிவேட் செய்வது வேறு. சேமித்துவிட்டு விட்டால் எதுவும் ஓடாது.

பழைய ரூல்களை ஃப்ளோவாக மாற்றித்தர Migrate to Flow என்ற கருவி இருக்கிறது. ஆனால் எல்லா ரூலையும் அது மாற்றித்தராது, சிலவற்றைக் கையால்தான் செய்ய வேண்டும். மாற்றிய பிறகு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புதிய ஃப்ளோவை ஆக்டிவேட் செய்துவிட்டு, பழைய ரூலை அணைக்க மறந்தால் இரண்டும் ஓடும். ஒரே விற்பனைக்கு இரண்டு மெயில். மெயிலோடு போனால் பரவாயில்லை, அதே ரூல் ஒரு எண்ணைக் கூட்டும் வேலையைச் செய்திருந்தால் கணக்கே தப்பாகும். ஒரே நிமிடத்தில் ஒரே மாதிரி இரண்டு மெயில் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பழைய ரூலைத்தான்.

வருடாவருடம் பராமரிப்புப் பாடத்தை முடித்து வந்தவருக்கு இந்த அரை நாள் வீணாகியிருக்காது.

அடுத்த பதிப்பில் என்ன உடையும் என்று முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். ஆனால் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியீட்டுக் குறிப்புகள் பல நூறு பக்கங்களுக்கு வரும். முழுதாக யாரும் படிப்பதில்லை, படிக்கவும் தேவையில்லை. அனுபவசாலிகள் இரண்டு இடங்களை மட்டும் தவறாமல் பார்க்கிறார்கள்.

ஒன்று, Setup-இல் இருக்கும் Release Updates பக்கம். கட்டாயமாக வரப்போகும் மாற்றங்களும் அவை அமலுக்கு வரும் பதிப்பும் இங்கே இருக்கும். சிலவற்றை முன்கூட்டியே இயக்கிச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

இன்னொன்று, முன்னோட்ட சாண்ட்பாக்ஸ். சாண்ட்பாக்ஸ் என்பது நிஜ சிஸ்டத்தின் சோதனை நகல். முன்னோட்ட வரிசையில் இருக்கும் சாண்ட்பாக்ஸுக்குப் புதிய பதிப்பு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே வந்துவிடும். தினசரி நடக்கும் முக்கியமான வேலைகளை அங்கே ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், எது உடைகிறது என்று தெரிந்துவிடும். நிஜ சிஸ்டத்துக்கு எந்த வார இறுதியில் மாற்றம் வரும் என்பது status.salesforce.com தளத்தில் இருக்கும்.

இதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 சம்மர் பதிப்பு நல்ல உதாரணம். வெளி மென்பொருள்கள் சேல்ஸ்ஃபோர்ஸுடன் பேசுவதற்கான இணைப்பு வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் எண் ஒன்று கூடும். சம்மர் '25-ன் எண் 64. அந்தப் பதிப்பில் 21 முதல் 30 வரையிலான பழைய எண்கள் மொத்தமாக நிறுத்தப்பட்டன.

பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த பில்லிங் இணைப்பு, யாரும் தொடாமல் 30-ம் எண்ணிலேயே ஓடிக்கொண்டிருந்தால், அது அன்றோடு நின்றிருக்கும். திரையில் வரும் பிழை 410, அதாவது அப்படி ஒன்று இப்போது இல்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டு, நெட்வொர்க் என்று தேடினால் கிடைக்காது. முகவரியில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்:

```
/services/data/v30.0/
/services/data/v64.0/
```

முதல் வரி நின்றுபோனது, இரண்டாவது ஓடக்கூடியது. எண்ணை மட்டும் மாற்றிவிட்டு விடவும் கூடாது. நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகளின் மாற்றங்கள் இருக்கின்றன. சாண்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நிஜ சிஸ்டத்தில் மாற்ற வேண்டும்.

எஸ்.ஏ.பி.யில் கதை வேறு

எஸ்.ஏ.பி. தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது தேர்வின் குறியீடு. உதாரணத்துக்கு, நிதிக் கணக்குத் தேர்வு ஒன்றின் குறியீடு C_TS4FI_2023. கடைசியில் இருக்கும் எண்தான் பதிப்பு. 2023-ம் ஆண்டுப் பதிப்பை வைத்து எடுக்கப்பட்ட தேர்வு என்று அர்த்தம். இன்னொரு குறியீடு C_S4CFI_2402. இதில் 2402 என்பது 2024 பிப்ரவரியைக் குறிக்கும்.

இரண்டும் எஸ்/4ஹனா நிதிக் கணக்குத்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதுதான் எஸ்.ஏ.பி.யில் அதிகம் பேர் குழம்பும் இடம்.

முதலாவது பிரைவேட் எடிஷன். இங்கே எப்போது புதிய பதிப்புக்கு மாறுவது என்பதை வாடிக்கையாளர் நிறுவனமே முடிவு செய்யும். வருடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த பெரிய பதிப்புகள், 2023-க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று என மாறிவிட்டன. அடுத்தது 2025 பதிப்பு. 2023 பதிப்பில் இருந்து ஒவ்வொன்றுக்கும் ஏழு வருடப் பராமரிப்பு உண்டு. அதனால் 2021 பதிப்பில் ஓடும் கம்பெனியும், 2023-ல் ஓடும் கம்பெனியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது பப்ளிக் எடிஷன். இது சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரி. வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் புதிய பதிப்பு வரும். சோதனை சிஸ்டத்துக்கு முதலிலும், சில வாரம் கழித்து நிஜ சிஸ்டத்துக்கும் வரும். தள்ளிப்போட முடியாது.

வேலை செய்யும் முறையும் மாறும். பிரைவேட் எடிஷனில் அமைப்புகளைச் செய்ய SPRO என்று டைப் செய்து உள்ளே போவார்கள். பல வருடமாக எஸ்.ஏ.பி.யில் இருப்பவர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகும். இன்றைய பப்ளிக் எடிஷனில் அந்த வழி கிடையாது. அமைப்புகளுக்கென்று தனிக் கருவி இருக்கிறது, அது அனுமதிக்கும் அளவுக்குத்தான் மாற்ற முடியும். அதனால் பிரைவேட் சான்றிதழ் வைத்திருப்பவரைப் பப்ளிக் ப்ராஜெக்ட்டில் போட்டால், கணக்கியல் தெரிந்தும் கருவி தெரியாமல் நிற்பார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஆளை எடுக்கும்போதும் எஸ்/4ஹனா என்ற பெயரோடு நிறுத்தாமல் எந்த எடிஷன் என்று கேட்பது இதனால்தான்.

பழைய எஸ்.ஏ.பி. சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா?

நம்ம ஊரில் இன்னும் பலரிடம் இருப்பது ஈ.சி.சி. எனப்படும் பழைய எஸ்.ஏ.பி.யின் அனுபவம். அந்தப் பழைய பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு நிற்கிறது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை நீட்டிக்கலாம். அதனால் கம்பெனிகள் எஸ்/4ஹனாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

மாறும்போது கன்சல்டன்ட்டுக்கு என்ன ஆகிறது? ஒரு புதிய சப்ளையரைச் சேர்க்க வேண்டும். பழைய பழக்கத்தில் XK01 என்று அடிக்கிறார். சப்ளையர் திரை வராமல் BP என்ற வேறு திரை வந்து நிற்கிறது. தவறாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடிக்கிறார். மறுபடி அதே திரை.

அது பிழை இல்லை. பழைய எஸ்.ஏ.பி.யில் வாடிக்கையாளருக்கு ஒரு பதிவு, சப்ளையருக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக இருந்தது. ஒரே கம்பெனி நம்மிடம் வாங்கவும் செய்து விற்கவும் செய்தால், அதன் முகவரியை இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டும். எஸ்/4ஹனாவில் இரண்டையும் சேர்த்து பிசினஸ் பார்ட்னர் என்ற ஒரே பதிவு ஆக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர், சப்ளையர் என்பதெல்லாம் அந்தப் பதிவுக்குள் வரும் ரோல்கள்.

இது திரை மாற்றம் மட்டும் இல்லை. பழைய சிஸ்டத்தில் இருந்து மாறுவதற்கு முன்பே எல்லா வாடிக்கையாளர்களையும் சப்ளையர்களையும் பிசினஸ் பார்ட்னராக மாற்றி முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் பழைய தரவில் இருக்கும் ஓட்டைகள் வெளியே வரும். அரைகுறை முகவரி, தப்பான வரி எண், ஒரே கம்பெனிக்கு மூன்று பதிவு என்று. இதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்தால் ப்ராஜெக்ட் தேதி தள்ளிப்போகும். எஸ்/4ஹனாவில் எவையெல்லாம் மாறின என்பதை சிம்ப்ளிஃபிகேஷன் லிஸ்ட் என்ற ஆவணமாக எஸ்.ஏ.பி.யே வெளியிடுகிறது. ஈ.சி.சி.யில் இருந்து வருபவர் புதிய தேர்வுக்குப் படிக்கும்போது, தன் பிரிவுக்கான பக்கங்களை அதில் படிப்பது நல்ல தொடக்கம்.

எஸ்.ஏ.பி. சான்றிதழ்களுக்கும் இப்போது 12 மாதக் கெடு இருக்கிறது. அதற்குள் எஸ்.ஏ.பி.யின் பயிற்சித் தளத்தில் புதிய மாற்றங்களைப் பற்றிய சின்ன மதிப்பீட்டை முடித்தால் அடுத்த காலத்துக்கு நீளும். பல வருடத்துக்கு முன் வாங்கி ஃபிரேம் போட்ட சான்றிதழைக் காட்டி "சர்ட்டிஃபைடு" என்று சொன்ன காலம் போய்விட்டது.

டம்ப்ஸ் படித்தால் போதுமா?

தேர்வுக் கேள்விகள் என்று சொல்லி விற்கப்படும் தொகுப்புகளுக்கு டம்ப்ஸ் என்று பெயர். வாட்ஸ்அப் குழுக்களில் சாதாரணமாகச் சுற்றும். இவற்றைப் பயன்படுத்துவது, தேர்வுக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரலாம்.

விதியை விட்டுவிட்டாலும், அவற்றில் இன்னொரு பிரச்னை இருக்கிறது. மென்பொருள் மாறினாலும் டம்ப்ஸ் மாறுவதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் தொகுப்பு ஒன்றில், மெயில் தானாகப் போக எதைப் பயன்படுத்துவீர்கள் என்ற கேள்விக்கு ஒர்க்ஃப்ளோ ரூல்தான் சரியான விடை என்று இருந்தால், அது வின்டர் '23-க்கு முந்தைய சரக்கு என்று புரிந்துகொள்ளலாம். அதை மனப்பாடம் செய்தால், இப்போதைய தேர்விலும் தவறு, ப்ராஜெக்ட்டிலும் தவறு.

ஒருவரின் சான்றிதழ் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பி.டி.எஃப். கோப்பையோ, ரெஸ்யூமில் இருக்கும் வரியையோ நம்ப வேண்டியதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ட்ரெயில்ஹெட் தளத்திலேயே சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. பெயரையோ மெயிலையோ கொடுத்தால், அவரிடம் இப்போது செல்லுபடியாகும் சான்றிதழ்கள் தெரியும். தன் விவரத்தைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று அவர் வைத்திருந்தால் வராது, அப்போது அவரிடமே கேட்கலாம். எஸ்.ஏ.பி. சான்றிதழ்கள் கிரெட்லி தளத்தில் டிஜிட்டல் பேட்ஜாக வரும். படத்தை வாங்கிப் பார்க்காமல் அதன் லிங்க்கை வாங்கித் திறந்தால், எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது காலாவதி ஆகிறது என்பது அதிலேயே இருக்கும். தேர்வின் முழுப் பெயரும் இருப்பதால் எந்த எடிஷன் என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் இதில் தெரியாது. அவர் ஒரு ப்ராஜெக்ட்டை முழுதாக முடித்திருக்கிறாரா என்பது. அதற்கு நேர்காணலில் ஒரே கேள்வி போதும். கடைசியாக வந்த பதிப்பில், உங்கள் வாடிக்கையாளருக்கு எது மாறியது, அதற்கு என்ன செய்தீர்கள்? வேலை பார்த்தவர் திரையின் பெயரோடு பதில் சொல்வார்.

இரண்டும் வைத்திருப்பவர் வருடத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஜனவரி, மே, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களில் சேல்ஸ்ஃபோர்ஸின் Release Updates பக்கத்தையும் முன்னோட்ட சாண்ட்பாக்ஸையும் பார்க்க வேண்டும். பராமரிப்புப் பாடம் வெளியானதும் முடித்துவிட்டு, கெடு தேதி மாறியதா என்று சரிபார்க்க வேண்டும். எஸ்.ஏ.பி.யில் பப்ளிக் எடிஷன் என்றால் பிப்ரவரியும் ஆகஸ்ட்டும் முக்கியம். பிரைவேட் எடிஷன் என்றால், தன் வாடிக்கையாளர் எந்தப் பதிப்பில் இருக்கிறார், அடுத்து எதற்கு மாறப்போகிறார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். எஸ்.ஏ.பி. சான்றிதழ் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வைத்துவிடலாம்.

இதெல்லாம் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில நாட்கள்தான் ஆகும். தவறவிட்டால் மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டி, மறுபடி மாதக்கணக்கில் படிக்க வேண்டும். இப்போதே சான்றிதழ் வைத்திருப்பவர்கள், எந்த மெயிலில் தேர்வு எழுதினோம், அந்த மெயில் இன்னும் திறக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.